நேவி துணியை வெட்டலாமா?

எங்கள் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் நேவி ப்ளூ துணி கட்டிங் மேஜையில் பாதி வெட்டப்பட்டுக் கிடந்ததைப் பார்த்தபோதுதான், இனி மீட்டிங்கை நானே நடத்துவது என்று முடிவெடுத்தேன். அந்த நிறத்துக்கு, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் இன்னும் ஒப்புதல் தரவில்லை. முந்தின நாள் மீட்டிங்கில் ஒரு மணி நேரம் அதைத்தான் பேசியிருந்தோம்.

“நீங்கதானுங்க வெட்டச் சொன்னீங்க!” என்றார் கட்டிங் மாஸ்டர்.

“நா எங்கீங்க சொன்னேன்? பாக்கலாம்னுதானுங்க சொன்னேன்,” என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையருக்குப் பதில் சொல்ல வேண்டிய மெர்ச்சண்டைசர் நான்தான்.

மறுநாள் போர்டில் ஒரே கேள்வி எழுதினேன்: ஒப்புதல் வருமுன் மீதித் துணியை வெட்டலாமா? பதினைந்து நிமிடம்தான். கதை பேசியவர்களை நிறுத்தினேன். வெட்டக் கூடாது என்று முடிவானது. பையரின் ஒப்புதல் மெயில் வந்ததும் நான் கட்டிங் மாஸ்டருக்குச் சொல்ல வேண்டும். மாலைக்குள் வராவிட்டால் மீண்டும் கூட வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் முதலாளி நுழைந்தார். “வெட்டுங்கப்பா, கப்பல் நமக்காக நிக்குமா?”

“உங்க முடிவுன்னு எழுதிக்கட்டுங்களா சார்?” என்று கேட்டேன்.

“ஏங் கண்ணு, எம்மேலயே கேஸ் போடறயா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரே போர்டைத் துடைத்தார். போன் வந்ததும் வெளியே போய்விட்டார். இனி வெட்டுவதா, நிறுத்துவதா? யாருக்கும் தெரியவில்லை. மெயில் வரும்வரை நிறுத்தச் சொல்லிவிட்டு, கொதிப்போடு என் மேஜைக்கு வந்தேன்.

நாளை அவர் உட்காராமல் மீட்டிங்கைத் தொடங்கமாட்டேன். முடிவை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, துடைப்பதற்குள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன்.