யாரும் கூப்பிடாத பத்தாயிரம் பைட்

துரத்திவிட்டார்களாம்! யார் சொன்னது? மாடிவீட்டு அம்மாவா? நடுப்பகலில் ஒரு பெண் அட்டைப்பெட்டியும் கையுமாக அலுவலகத்திலிருந்து வெளியே வந்தால் உடனே வேலை போய்விட்டது என்று அர்த்தமா? திங்கட்கிழமை காலையிலேயே அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளே, அதை யாரும் பார்க்கவில்லையா? பெட்டியில் என்ன இருந்தது என்று ஒருவராவது கேட்டீர்களா?

அலுவலகத்தில் அவளுக்குக் கஞ்சக்கா என்று பெயர். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் படுக்கவைக்கும் சூட்டுத்தொட்டிக்குள் இருக்கிறதே ஒரு சில்லு, அதற்கு நிரல் எழுதுகிறவள். நகத்தளவு சில்லு. நிரல் தங்கும் இடம் அறுபத்துநாலு கிலோபைட், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்குக் கேட்பாள். பின்னே, கைவீசிச் செலவழிக்க அது என்ன அவளுடைய மாமியார் வீட்டுச் சொத்தா?

அந்த வியாழக்கிழமை மத்தியானம், மருத்துவமனை கேட்டபடி வெப்பநிலையைப் பதிந்துவைக்கும் பகுதியைச் சேர்த்து முடித்தாள். துண்டு துண்டான நிரலையெல்லாம் தைத்துச் சில்லுக்குள் அடக்கிவைக்கும் லிங்கர், முடியாது என்று கையை விரித்தது. நிரல் தங்கும் ஃப்ளாஷில் இடமில்லை, 1312 பைட் வழிகிறது என்றது.

திரையில் வரும் வாசகங்களைச் சுருக்கிப் பார்த்தாள். நாற்பது பைட்தான் மிச்சமானது. நிரலைச் சிறிதாகக் கட்டும்படி கணினிக்குச் சொல்லும் குறிப்பு முன்பே போட்டாயிற்று. பெரிய சில்லு மாற்றலாமென்றால், இருநூறு சர்க்யூட் பலகையிலும் இந்தச் சில்லையே பற்றவைத்து முடித்துவிட்டார்கள்.

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, அந்த சென்சார் கழன்றா கண்டுபிடிக்கிற பகுதியை எடுத்துடுங்க. ஆயிரத்தைந்நூறு பைட் கிடைக்கும். இதுவரைக்கும் ஒருதடவையாவது கழன்றிருக்கா?"

"குழந்தை காலை உதைக்கும் சார். சென்சார் தோலைவிட்டு விலகிச்சுன்னா, குழந்தை குளிர்ந்துபோச்சுன்னு நினைச்சு மெஷின் சூட்டை ஏத்திக்கிட்டே போகும்."

"நர்ஸ் பாத்துக்க மாட்டாங்களா?"

"நர்ஸுக்கு ரெண்டே கண்ணு. தொட்டி பன்னெண்டு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க."

"உங்க பிடிவாதத்துக்கு ஒரு எல்லை வேண்டாமா அக்கா?" என்று எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலை மேப் கோப்பைத் திறந்து உட்கார்ந்தாள். எந்தப் பகுதி எந்த இடத்தில் எத்தனை பைட் பிடித்திருக்கிறது என்று லிங்கரே எழுதிவைக்கும் பட்டியல் அது. வரிவரியாக விரல் வைத்து இறங்கினாள். புள்ளிவைத்த எண்களை எழுத்தாக்கும் நூலகப் பகுதி ஒன்று பத்தாயிரம் பைட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டு சட்டமாக உட்கார்ந்திருந்தது. அது எதற்கு? முப்பத்தாறரை என்பதை முந்நூற்று அறுபத்தைந்து என்று முழு எண்ணாக வைத்து, புள்ளியைத் தானே போடும்படி அல்லவா அவள் எழுதியிருந்தாள்? நிரல் முழுக்கத் தேடினாள். அதைக் கூப்பிடுகிறவர் யாருமில்லை.

நிரலை எப்படிக் கட்டவேண்டும் என்று எழுதிவைத்த கோப்பைத் திறந்ததும் முகம் சிவந்துபோயிற்று. யார் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அந்தப் பகுதியை இழுத்து உள்ளே வை என்று லிங்கருக்கு ஒரு கட்டளை. பக்கத்தில் குறிப்பு: 'சோதனைக்கு மட்டும். நாளை எடுக்கவும்.' கீழே அவளுடைய கையொப்பம். ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. சோதனை வரியை அன்றே அழித்தவள், கட்டளையை மறந்துவிட்டாள். பைட்டுக்குப் பைட் ஊரையே விரட்டியவள்!

வரியை நீக்கிக் கட்டினாள். லிங்கர் வாய் திறக்கவில்லை. பதிவும் உள்ளே, சென்சார் சோதனையும் உள்ளே. போதாததற்கு எட்டாயிரத்துச் சொச்சம் பைட் காலியாகக் கிடந்தது.

மேலாளரைக் கூப்பிட்டு, குறிப்பையும் சேர்த்தே காட்டினாள். "தப்பு என்னோடதுதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"அக்கா... காலையில ஆறு பலகையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். அந்த சென்சார் பகுதியை எடுத்துட்டு நானே கட்டின நிரல்தான் அதுல இருக்கு."

அவள் கத்தவில்லை. ஃபோனை எடுத்து மருத்துவமனைக் கருவிக்காரரை அழைத்தாள்.

"அண்ணே, நம்ம பலகை ஆறும் எங்க இருக்கு?"

"தொட்டியில மாட்டியாச்சும்மா. சாயங்காலம் குழந்தைங்களை மாத்துறாங்க."

"மாத்தவேண்டாம்னு சொல்லுங்க. ஆறுலயும் தொடாதீங்கன்னு ஒரு சீட்டு ஒட்டிவைங்க. நான் வந்து நிரலை மாத்தித் தரேன்."

மடிக்கணினி, சில்லில் நிரல் ஏற்றும் கருவி, நாலு கம்பி. கையில் கிடைத்த அட்டைப்பெட்டியில் எல்லாவற்றையும் போட்டாள். மேலாளர் கதவைத் திறந்து பிடித்தார்.

"நானும் வரட்டுமா அக்கா?"

"நீங்க இங்கயே இருந்து, நீங்க கட்டின அந்த நிரலை எல்லா இடத்துலயும் அழிங்க. நாளைக்குன்னு குறிப்பு எழுதிவைக்காதீங்க."

வாசலில் மாடிவீட்டு அம்மா காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா, கிளம்பிட்டியா?"

"ஆமாம்மா, கிளம்பிட்டேன்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.