அக்காவுக்கு ஐந்து, எனக்கு நாலு

பெரியண்ணன் மௌத்தான நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து, சாப்பாட்டுப் பாய் சுருட்டப்படுவதற்குள் பாகப்பிரிவினைப் பேச்சு வந்துவிட்டது. அவர் மனைவி அவருக்கு முன்பே போய்விட்டாள். பிள்ளை இல்லை. அத்தா, அம்மா, அத்தாவைப் பெற்றவர் யாரும் இல்லை. சூரியநெல்லியில் ரோட்டோரம் முப்பது செண்ட் நிலம், அதில் இடிந்துவிழப் பார்க்கும் ஒரு தகர வீடு, பின்னால் தனியாக ஒரு அடுப்படி, அவ்வளவுதான் சொத்து. கடனும் அடக்கச் செலவும் தீர்ந்திருந்தன.

அந்த அடுப்படி என்னுடையது. சட்டப்படி இல்லை, என் நினைப்பில். மதினி போன பிறகு பெரியண்ணனுக்கு மூன்று வேளையும் அங்கே நின்று ஆக்கிப் போட்டவள் நான்தான்.

பாத்திஹா ஓத வந்த பள்ளிவாசல் அசரத்தின் எதிரில் என் மற்ற இரண்டு அண்ணன்மாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

"வாரிசு நாங்க மூணு பேருதான் அசரத்து," என்றார் நடு அண்ணன்.

அசரத்து பேனாவை எடுக்கவே இல்லை. "உங்க அம்மாவுக்கு வேற கல்யாணத்துல புள்ளைங்க உண்டா?"

உண்டு. அம்மாவின் முதல் மாப்பிள்ளை போடியில் செத்துப்போனார். அந்த மகனையும் மகளையும் அவர் சொந்தக்காரர்களே வளர்த்தார்கள். அந்த அக்கா லீவுக்கு வரும்போதெல்லாம் அம்மா சட்டியில் நல்லி எலும்பைத் தேடி எடுத்து அவள் தட்டில் வைப்பார். எனக்கு வெறும் குழம்பு. அன்று வந்த எரிச்சல் இன்றும் என் வயிற்றில் இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

"அவங்க வேற அத்தா புள்ளைங்க. நெலத்துல என்ன பாத்தியதை?" என்று சின்ன அண்ணன் கேட்டார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தோம்.

"மௌத்தானவருக்குப் புள்ள இல்ல, தகப்பன் பாட்டன் இல்லன்னா, தாய் வழியில மட்டும் கூடப்பிறந்தவங்களுக்குப் பங்கு உண்டு," என்றார் அசரத்து. "ஒருத்தர்னா ஆறுல ஒண்ணு. ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா எல்லாருக்கும் சேர்த்து மூணுல ஒண்ணு. அதுல ஆம்பள பொம்பள வித்தியாசம் கிடையாது, சரிசமம். மொதல்ல அதை எடுத்து வச்சிட்டு, மிச்சம் உங்களுக்கு. அதுல ஆணுக்கு ரெண்டு, பெண்ணுக்கு ஒண்ணு."

முப்பதில் பத்து அம்மாவின் மூத்த பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஐந்து. மிச்சம் இருபது. அண்ணன்மார் ஆளுக்கு எட்டு. எனக்கு நாலு.

"அசரத்து," என்றேன், "அக்கா அவ அண்ணனுக்குச் சமமா வாங்குறா. நான் என் அண்ணன்ல பாதி. அதுவும் அவளவிடக் கொறைய. நான்தானே கூடப்பொறந்தவ?"

"உங்க பங்கு மிச்சத்துல வர்றதும்மா. ஆளு கூடினா கொறையும், கொறஞ்சா கூடும். அவங்க பங்கு கட்டி வச்சது. ஒரே ஒரு அண்ணன் இருந்திருந்தா அவங்களவிட உங்களுக்குத்தான் அதிகம்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்தால் ஆறிவிடுமா? கபுருக்குள் இருந்துகொண்டே அம்மா மறுபடியும் நல்லி எலும்பை எடுத்து அவள் தட்டில் வைத்த மாதிரி இருந்தது.

பாத்திஹாவுக்கு வந்திருந்த அக்கா தேநீர் டம்ளர்களோடு உள்ளே நுழைந்தாள். விஷயம் காதில் விழுந்திருக்கிறது. "நம்ம ரெண்டு பேரு எடத்துக்கும் நடுவுல கல்லு வேணாம்டி. ஒண்ணாவே கெடக்கட்டும்," என்றாள்.

"இல்ல, கல்லு போடணும்," என்றேன். "ரோட்டுப் பக்கம் எங்களுக்கு. உங்களுக்குப் பின்பக்கம்."

ரோட்டோரம் அவள் கடை கிடை போட்டுவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே எண்ணம். அவள் சரி என்று தலையாட்டினாள். அந்தச் சம்மதம்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் அளக்கிறவர் வந்து டேப்பை இழுத்தார். கடைக்கோடியில் அவள் அண்ணன் பங்கு, அதற்கு அடுத்து அவள் பங்கு. அவளுடைய ஐந்து செண்ட் இவ்வளவு தூரம் முன்னால் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கேட்டு வாங்கிய கல்லை என் கண் முன்னாலேயே நட்டார்கள். அடுப்படி முழுசாக அந்தப் பக்கம் போய்விட்டது.

அக்கா இப்போது அங்கேயே குடியிருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை, மறந்து வைத்திருந்த என் அரிவாள்மணையை எடுக்கப் போனேன். வாசலில் தயங்கி நின்றேன். நான் மெழுகிய அடுப்பில் அவள் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி வெளியவே நிக்கிற?" என்றாள் பாசமாக. "உள்ள வா. ஒன் வீடு மாதிரி நெனச்சுக்க."