சாவி போட்டு ஆறு எண்ணும்வரை

எங்கள் ஷெட்டில் கார் எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார், மீட்டர் என்றால்தான் திரும்புவார். சட்டைப் பையில் எந்நேரமும் மல்டிமீட்டர் கிடக்கும், சோறு தின்னும்போதும் அதை எடுத்து வைக்கமாட்டார். நான் பக்கத்து இடத்தில் நசுங்கின கதவையும் பானட்டையும் தட்டி நிமிர்த்துகிற டிங்கர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கூரைக்கடியில் இருக்கிறோம். எனக்கு வாய் அதிகம், அவருக்கு எப்போதுமே குறைவு. அதனால்தான் இத்தனை வருஷம் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரேயடியாக ஊமையாக இல்லை. ஏதாவது சொன்னால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்வார், பிடித்த வண்டி வந்தால் சீட்டியடிப்பார். அதையெல்லாம் நிறுத்திய வேலை ஒன்று உண்டு. அந்த வேலை நடந்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிடுகிறேன்.

அவருடைய தம்பி ஒரு பழைய காரோடு வந்தான். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது, வண்டியை விற்கப் போகிறேன், வாங்க வருகிறவன் மறுநாள் காலையில் பார்க்க வருவான் என்றான். ஸ்டியரிங் உள்ளே இருக்கிற கிளாக் ஸ்பிரிங் என்கிற சுருள் நாடாவில் கம்பி அறுந்திருக்கிறது என்று மீட்டர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அந்த நாடாவில்தான் டிரைவர் பக்கத்து ஏர்பேக்குக்கு மின்சாரம் போகும். அது அறுந்தால் எவ்வளவு மோதினாலும் பை விரியாது. புது ஸ்பிரிங் வர நாலு நாள் ஆகும்.

"அண்ணே, நாலு நாளெல்லாம் தாங்காது. லைட்டை மட்டும் அணைச்சுக் குடு. நான் என்ன ஓட்டவா போறேன்?"

"அது தப்புடா."

"உன் கால்ல விழறேன். ஒரே ஒரு நாள்!"

அவன் கெஞ்சினான், இவர் இளகினார். பழைய வண்டி, விளக்குக்குத் தனி ஒயர் வரும். அதைக் கழற்றி எஞ்சின் ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டினார். சாவியைத் திருப்பினால் இரண்டு விளக்கும் எரியும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இரண்டும் அணையும். பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஒயரைச் சுற்ற டேப் கேட்டார். நான்தான் என் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

வாங்க வருவதாகச் சொன்னவன் வரவில்லை. தம்பி வண்டியை விற்கவில்லை, ஓட்டிக்கொண்டே இருந்தான். இரண்டாம் மாதம் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான், பை விரியவில்லை. விரிந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரைக் கேட்டோம், சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் எந்தப் பக்கமும் சாயவில்லை, மீட்டரும் சாயவில்லை. அழக்கூட இல்லை. பதினாறாம் நாள் வேலைக்கு வந்து ஒரு ஆல்டர்னேட்டரைப் பிரித்தார். ஒயர் விஷயம் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும் என்று இருவரும் நினைத்திருந்தோம்.

இந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது தம்பி மனைவி ஒரு காரோடு ஷெட்டுக்கு வந்தாள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரவேண்டும், அதற்காகச் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கியிருந்தாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். நேராகப் பேசுவாள், எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பாள். வண்டியை நிறுத்திவிட்டு மீட்டரிடம் வந்தாள்.

"அத்தான், ஏர்பேக் லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. சும்மா அணைச்சு விட்டுடுங்க, போதும்."

மீட்டர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அணைக்கிறது இல்லம்மா. ஏன் எரியுதுன்னு பார்க்கணும்."

"எத்தனை நாளு ஆகும்?"

"ஆகறது ஆகட்டும்."

நான் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தேன். என் இடத்தில் ஒரு வேன் காத்திருக்கிறது, இந்தப் பெண் குறுக்கே நிறுத்திவிட்டாள். "மீட்டர், சட்டுபுட்டுனு முடிங்க, என் வேன் வெளியில நனையுது," என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

கோளாறைக் காட்டுகிற ஸ்கேனரை மாட்டினார். டிரைவர் சீட் பெல்ட்டை இறுக்குகிற பாகத்தின் சர்க்யூட்டில் தடை அதிகம் என்று காட்டியது. பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஏர்பேக் பெட்டிக்குள் மிச்சம் நிற்கிற மின்சாரம் இறங்கட்டும் என்றுதான் அந்த ஓய்வு. பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கீழே தலையை விட்டார். மஞ்சள் நிற கனெக்டர் பாதி கழன்றிருந்தது. சீட்டுக்கடியில் அவள் வைத்திருந்த குடை, சீட்டை நகர்த்தும்போதெல்லாம் ஒயரை இழுத்திருக்கிறது.

"குடையை எங்க வெச்சிருந்த பாரு!" என்றேன் அவளிடம். "மழைக்குத்தானே அண்ணே குடை," என்றாள். கனெக்டரைச் சுத்தம் செய்து, 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்தி, ஒயரைச் சீட் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். ஸ்கேனரில் காட்டிய கோளாறுப் பதிவை அழித்தார். விளக்கு அணைந்தது, அவளும் போனாள். வேனை உள்ளே ஏற்றினேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தாள்.

"அத்தான், மறுபடி எரியுது. உங்களுக்கும் சிரமம். ஒரேயடியா அணைச்சுடுங்களேன்."

"மாட்டேன்," என்றார் மீட்டர். அவ்வளவு சத்தமாக அவர் பேசிக் கேட்டே எத்தனையோ நாளாகிவிட்டது. இந்த முறை ஸ்கேனர் டிரைவர் பக்கத்து ஏர்பேக் சர்க்யூட்டைக் காட்டியது. எழுத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தம்பி வண்டியில் அறுந்திருந்ததும் அதே வழிதான்.

ஹாரனை அழுத்தியபடி ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார் அவளிடம், வலப்பக்கம் திருப்பும்போது ஹாரன் அடித்தது. இடப்பக்கம் முழுசாகத் திருப்பியபோது ஹாரன் ஊமையாகிவிட்டது. ஹாரனுக்கும் அந்த நாடாவில்தான் வழி. மறுபடி பேட்டரி, மறுபடி பத்து நிமிஷம். ஸ்டியரிங் நடுவில் இருந்த பையைக் கழற்றி, முகம் மேலே பார்க்கும்படி மேஜையில் வைத்து, யாரும் கிட்டே போகக்கூடாது என்று என்னையே விரட்டினார். பையை மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கவே கூடாதாம், அந்தச் சின்ன மின்சாரத்துக்கே வெடித்துவிடுமாம். கழற்றிய கிளாக் ஸ்பிரிங்கின் இரண்டு முனையிலும் மட்டும் மல்டிமீட்டர் கம்பியை வைத்தார். மெல்லத் திருப்பினால் எண் நிற்கிறது, ஒரு இடத்தில் விட்டுப் போகிறது. அந்த இடத்தையே நாலு தடவை திருப்பிப் பார்த்தார்.

நாலு நாள் காத்திருந்தார். புது ஸ்பிரிங் வந்தது. சக்கரங்களை நேராக நிறுத்தி, நடுவில் பூட்டியிருந்த அந்த ஸ்பிரிங்கைப் பொருத்திய பிறகுதான் பூட்டை உருவினார். "நடு தவறிச்சுன்னா ரெண்டு திருப்புல அறுந்துடும்," என்றார் என்னிடம். அந்த நாலு நாளும் அவள் ஆட்டோவில் வேலைக்குப் போனாள், முனகவில்லை.

ஒரு வாரம் நல்லபடியாகப் போனது. அப்புறம் பெருமழை, அதன் மறுநாளே அவள் வந்துவிட்டாள். நான் அடக்கமாட்டாமல் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, இந்த வண்டி உனக்கு வேணுமா? தலைமுழுகிட்டு வேற பாரு."

"அத்தான் அணைச்சுக் குடுத்தா தீர்ந்துச்சு," என்றாள், மீட்டரைப் பார்த்துக்கொண்டே. அவர் அவளைப் பார்க்கவில்லை.

ஸ்கேனர் முன்பக்க மோதல் சென்சாரைக் காட்டியது. இந்த முறை அவர் முதல்முறையாக என்னைக் கூப்பிட்டார். பம்பரைக் கழற்றிக் கொடுப்பது என் வேலை. உள்ளே, முன்னால் யாரோ ஓட்டியபோது எதிலோ இடித்து நிமிர்த்திய தடம் தெரிந்தது. எவனோ என்னைப்போன்ற ஒருவன்தான், ஆனால் அவசரக்காரன். சென்சார் உட்காரும் தகடு கோணியிருந்தது, போல்ட்டின் கீழே பெயின்ட் தடித்திருந்தது, கனெக்டருக்குள் மழைநீர் போய் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. மோதலை உணரவேண்டிய பாகம் கோணியிருந்தால் அது எதை உணரும்? அந்தத் தகட்டைத் தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்டேன்.

"வேணாம். புதுத் தகடு, புது சென்சார், புது முனை. வண்டி உடம்புல இரும்பு தெரியறவரைக்கும் தேய்ச்சுக் குடு."

தேய்த்துக் கொடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் தேய்த்ததில்லை.

எல்லாம் மாட்டி முடித்த அன்று மத்தியானம் அவள் வந்தாள். மீட்டர் சாவியை அவளிடம் கொடுத்தார்.

"சாவியைப் போடு. ஸ்டார்ட் பண்ணாதே. எண்ணு."

அவள் சாவியைத் திருப்பினாள். ஏர்பேக் விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். ஆறு சொல்லி முடிப்பதற்குள் விளக்கு தானாக அணைந்தது. எஞ்சின் ஓடவே இல்லை. ஆயில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"பழைய வண்டியில ஸ்டார்ட் பண்ணாதான் அணையும், அத்தான்," என்றாள்.

தம்பியின் வண்டியைத்தான் சொல்கிறாள். மீட்டர் அப்படியே நின்றார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பாமலே பேசினாள்.

"அவரு அன்னிக்கே வந்து சொன்னாரு. அண்ணன் மாட்டேன்னாரு, கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன்னு சிரிச்சாரு. எனக்கும் தெரியும். பரவாயில்ல, அப்படியே ஓட்டுங்கன்னு நானும்தான் சொன்னேன். மூணு வருஷமா நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். வரும்போதெல்லாம் அணைச்சு விடுங்க, அணைச்சு விடுங்கன்னு கேட்டேனே, அப்பவாவது வாய் திறப்பீங்கன்னு."

மீட்டரின் உதடு அசைந்தது. கடைசியில் வார்த்தை வந்தது.

"நான்தாம்மா மாத்திக் கட்டினேன்."

"ஆமா. எனக்கு உங்க மேல கோபம். இப்பவும் போகலை. என் மேலயும்தான்."

மறுபடி சாவியைத் திருப்பி அணைத்தாள். "வாங்க, உக்காருங்க. இன்னொரு தடவை எண்ணலாம்," என்றாள். அவர் அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவி திரும்பியது. இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். நாலில் மீட்டர் குரல் நின்றுவிட்டது. ஐந்தை அவள் மட்டும் சொன்னாள். ஆறுக்கு விளக்கு அணைந்தபோது அவர் முகத்தைக் கையால் மூடியிருந்தார், மூன்று வருஷமாக வராத அழுகை வந்துகொண்டிருந்தது.

நான் பானட்டின் பின்னால் நின்று, தேய்க்க எதுவுமில்லாத இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு வாயுள்ளவன், டேப் கொடுத்தது நான்தான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.