நெருக்கமான வலை

அந்தக் கோடையில் கொத்தமல்லி முழுதும் வெயிலில் தீய்ந்து போனது. திருப்புட்குழியில் எங்களுக்கு நாற்பது சென்ட் நிலம். கீரை, கொத்தமல்லி, மிளகாய். இன்னொரு கோடையும் இப்படிப் போனால் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றாள் மனைவி. அதனால் அடுத்த பங்குனியில் நிழல்வலையும் மிளகாய்ப் பாத்தியில் மண்ணை மூட மல்ச்சிங் ஷீட்டும் வாங்கக் காஞ்சிபுரம் போனோம்.

முதல் கடையில் இருபத்தைந்து மைக்ரான் தடிமன் ஷீட் போதும் என்றார்கள். இரண்டாவது கடைக்காரர், "மிளகா ஆறேழு மாசம் நிக்கும்பா, முப்பது போடு. வெள்ளி மேல, கருப்பு கீழ" என்றார். இரண்டையும் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒன்றாகவே இருந்தது. முப்பதையே எடுத்துக்கொண்டேன்.

"வலை எத்தினி பர்சன்ட்?" என்றார் அடுத்து. எதில் பர்சன்ட் என்று கேட்க எனக்குக் கூச்சம். "நல்லதா குடுங்க" என்றேன்.

ஐம்பதையும் எழுபத்தைந்தையும் மேசைமேல் போட்டார். என் மனைவி சின்ன வயதிலிருந்து தறியில் உட்கார்ந்தவள். ஐம்பதை வெளிச்சத்தில் பிடித்தாள். "இது இன்னா, ஊடு ஊடா இருக்குது! இந்த நெசவ எவன் வாங்குவான்?" எழுபத்தைந்தை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினாள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

வலைக்கடியில் கொத்தமல்லி முளைத்தது. ஆனால் வெளுத்து, நூல் போல் நீண்டு, சாய்ந்தது. தண்ணீர் அதிகமோ, விதை கோளாறோ, மண்ணோ, ஒன்றும் புரியவில்லை. மூன்று வாரம் கழித்து நான் மட்டும் கடைக்குப் போனேன். மற்றவர்கள் எல்லாரும் போகும்வரை ஓரமாக நின்றிருந்தேன்.

விஷயத்தைக் கேட்ட கடைக்காரர் சிரித்தார். "கொத்தமல்லிக்கா எழுபத்தஞ்சு? முக்கால்வாசி வெயில நிறுத்திடுச்சேபா! அதுக்கு அம்பதே ஜாஸ்தி. இன்னா பயிருன்னு அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

நீங்கள் கேட்கவில்லையே என்று சொல்ல நினைத்தேன். ஐம்பது வாங்கி வந்தேன்.

"போயும் போயும் இதயா வாங்கிக்கினு வந்தீங்க?" என்றாள் மனைவி. கடைசியில் மறுபடி விதைத்து, பாதிப் பாத்திக்கு இதையும் பாதிக்கு அதையும் கட்டினோம்.

ஐம்பதின் கீழே இலை பச்சையாக, குட்டையாக, தடித்து வந்தது. எழுபத்தைந்தின் கீழே பழையபடியே வெளுப்பு. மனைவி இரண்டு பக்கமும் குனிந்து குனிந்து பார்த்தாள். பிறகு எழுபத்தைந்தின் முடிச்சுகளை அவளே அவிழ்த்தாள்.

"நல்ல நெசவுதாங்க இது," என்றாள், வலையை மடித்தபடி. "இதுல எங்க தப்பு இருக்குதுன்னுதான் புரியல."

எனக்கும் முழுதாகப் புரியவில்லை. பச்சையாக இருந்த பக்கத்தில் முதல் கட்டு அறுக்க உட்கார்ந்தோம்.