பத்து மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது

லேப் அக்கா இருந்தார். என்னோடு தோல் உருட்டும் டிரம் ஓட்டும் பாய் இருந்தார். நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை. தோல் பதனிடும் டேனரியில் சாப்பாட்டு நேரம், வியாழக்கிழமை.

அடுத்த புதன்கிழமை எனக்குத் தேர்வு. பகலில் வேலை, சாயங்காலம் டிப்ளமோ வகுப்பு. ஒரே ஒரு பேப்பர் பாக்கி, தோல் பதனிடுதல். இரண்டு தடவை போய்விட்டது. இதிலும் போனால் படிப்பின் கெடு முடியும். நான்கு வருஷம் வீண். நாற்பது எடுத்தால் பாஸ்.

வாத்தியார் போனை எடுக்க மாட்டார். சந்தேகம் இருந்தால் மெயில் போடு என்று சொல்லியிருந்தார். எனக்கு மெயில் எழுதிப் பழக்கமில்லை. அக்காவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன்.

"இன்னா கேக்கப் போற?" என்றார் அக்கா.

"எது வரும்னு."

"அப்படிக் கேட்டா அவ்ளோதான். கொஸ்டின் பேப்பர் கேக்குறேன்னு நெனைப்பாரு."

வகுப்பில் ஒருவன் அப்படிக் கேட்டு வெளியே போனதைப் பார்த்திருக்கிறேன். அடித்ததை அழித்தேன்.

"எவ்ளோ நேரம் இருக்கு, எது தெரியும், எது தெரியாது, அதைச் சொல்லு. அப்புறம் கேளு," என்றார் அக்கா.

"சலாம் போட்டு ஆரம்பி தோஸ்த்," என்றார் பாய்.

இப்படி எழுதினேன்:

"ஐயா, வணக்கம். நான் மாலை வகுப்பு மாணவன். டேனரியில் டிரம் வேலை. புதன்கிழமை தேர்வு. ஷிப்ட் போக எனக்குப் பத்து மணி நேரம் இருக்கிறது. பாடம் ஐந்து. மூன்றாவது, குரோம் பதனிடுதல். அது தினமும் கையால் செய்வது. அதை விட்டு மற்ற நான்கையும் படிக்கலாம் என்று இருக்கிறேன். எதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும்?"

பெயரும் ரோல் நம்பரும் போட்டு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பதில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். சும்மா இருக்க முடியவில்லை. கழிவுநீர்ப் பாடத்தை எடுத்து நான்கு மணி நேரம் படித்தேன்.

ஞாயிறு மதியம் என் போனில் அவருடைய மெயில் வந்தது.

"போன மாதம் நீங்கள் எழுதிய மாதிரித் தேர்வுத் தாளை எடுத்துப் பார்த்தேன். உங்கள் திட்டம் தவறு. மூன்றாவது பாடத்தில்தான் அதிக மதிப்பெண் இழந்திருக்கிறீர்கள். என்ன செய்கிறோம் என்று எழுதுகிறீர்கள். கேள்வி ஏன் என்று கேட்கிறது. அதற்கு ஐந்து மணி நேரம். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் பாடத்துக்கு இரண்டு, கழிவுநீருக்கு இரண்டு. மற்ற இரண்டுக்கும் அரை அரை மணி போதும். என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது."

முகம் சுட்டது. பதினோரு வருஷமாக நான் குரோம் தோல் எடுக்கிறவன். என் தோல் ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

கையில் மிச்சம் ஆறு மணி நேரம். கழிவுநீரில் ஏற்கெனவே இரண்டு மணி அதிகம் போயிருந்தது. சுண்ணாம்பா, குரோமா? அவர் தாளைப் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. குரோமுக்கு ஐந்து. சுண்ணாம்புக்கு ஒன்று. மற்ற இரண்டையும் விட்டேன்.

திங்கட்கிழமை டிரம் பக்கத்தில் பாயிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் கேட்டார்.

"கடைசில சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுறோமே, ஏன்?"

"அப்படித்தான் போடணும்."

"பரீட்சைல இப்படி எழுதினியா? உனக்கு நான் மார்க் போட்டாக்கூட முட்டைதான்."

"நீ சொல்லு பாய்."

"மொத்தமாக் கொட்டுனா மேனேஜர் கத்துவாரு. அதான் ஏன்."

சிரித்தோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை. மொத்தமாகக் கொட்டினால் புளிப்பு சட்டென்று குறையும், குரோம் உள்ளே போகாமல் மேல்தோலிலேயே பிடித்துக்கொள்ளும், தோல் முரடாகும் என்று புத்தகத்தில் இருந்தது. பதினோரு வருஷம் நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஐந்து மணி நேரமும் அப்படியே போனது. செய்கிற ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் என்று எழுதினேன்.

புதன்கிழமை தாளைத் திருப்பினேன். மூன்றாவது பாடத்தில் பெரிய கேள்வி. குரோம் ஏறிய தோல் துண்டு கொதிநீரில் சுருங்காமல் இருந்தால் பதம் முடிந்தது என்பார்களே, அதன் காரணம். எழுதினேன். சுண்ணாம்புக் கேள்வி ஒன்றைத் தொடவே முடியவில்லை. விட்ட பாடத்தில் ஒன்றைப் பாதி எழுதினேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பது வருமா வராதா, சொல்ல முடியவில்லை.

ஆறு வாரம் பாய் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

ரிசல்ட் அன்று அதே கம்ப்யூட்டர். நம்பரை அக்கா அடித்தார். பாய் என் முதுகுப் பக்கம் நின்றார்.

"நீயே படி," என்றார் அக்கா.

நாற்பத்து மூன்று.