பொருள்: தொழிற்பயிற்சி, பரிந்துரை

குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'பெல்'. அதிகாரி மேசையில் இருக்கும் மணியை அழுத்தி விரலை எடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார். அதனால் யாரோ ஒரு கிளார்க் வைத்த பெயர். சின்னவர்கள் 'பெல் அண்ணே' என்பார்கள், பெரியவர்கள் 'பெல்லு' என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை அதன் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது அவருக்கே அது வேறு யாருடைய பெயரோ போலத் தோன்றும்.

அவர் வேலை நிற்கிற வேலை. அதிகாரி அறைக்கு வெளியே ஒரு முக்காலி உண்டு என்றாலும் அதில் உட்கார்ந்த நேரம் குறைவு. கோப்புகளை மேசைக்கு மேசை கொண்டுபோவார். எந்தக் கோப்பு அவசரம், எதை மெதுவாகக் கொண்டுபோனால் போதும் என்பது கட்டியிருக்கும் நாடாவைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. "தூக்கறவன் படிக்கக் கூடாது, படிக்கறவன் தூக்கக் கூடாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. தன் மகன் இப்படி ஒரு அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார வேண்டும். சுழல் நாற்காலியாக இருந்தால் இன்னும் நல்லது. பையன் பத்தாம் வகுப்புத் தேறியதும் மேல்நிலை வகுப்பு, பிறகு கல்லூரி, பிறகு தேர்வு என்று மனதுக்குள் எல்லா மேசைக்கும் அவனை அனுப்பி ஒப்புதல் வாங்கி வைத்துவிட்டார். பையனிடம் மட்டும் கேட்கவில்லை.

தேர்வு முடிவு வந்து சில நாட்கள் கழித்து அதிகாரி மணி அடித்தார். வழக்கம்போல உள்ளே போய் நின்றார்.

"என்னப்பா, இந்தப் பேர் யாரோடது?" என்று ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார் அதிகாரி.

பார்த்தார். "என்னோடதுதாங்க."

"உன்னோடதா?" அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இது உனக்கு வந்த கடிதம்யா. உன் பையன் ஸ்கூல் ஹெட்மாஸ்டர் எழுதியிருக்கார். ஆபீஸ் முழுக்கச் சுத்திட்டு எங்கிட்ட வந்திருக்கு."

நடந்தது இதுதான். கடித உறையில் அவருடைய சொந்தப் பெயரும் அலுவலக முகவரியும் இருந்தன. தபால் பிரிவில் புதிதாக வந்திருந்த பெண்ணுக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது. மற்றத் தபால்களோடு சேர்த்துப் பிரித்து, முத்திரை குத்தி, எண் போட்டுவிட்டாள். அதன்பிறகு யாரும் 'பொருள்' வரிக்குக் கீழே படிக்கவில்லை. 'தொழிற்பயிற்சி' என்று இருந்ததால் பணியாளர் பிரிவு, 'ஊழியர் பயிற்சி எனத் தெரிகிறது. நிதி உண்டா எனக் கணக்குப் பிரிவு தெரிவிக்கலாம்' என்று ஓரத்தில் எழுதியது. கணக்குப் பிரிவு யோசிக்காமல் 'நிதி இல்லை' என்று எழுதியது. சூப்பிரண்டு, 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இத்தனை மேசைக்கும் அதைச் சுமந்து போனது பெல்தான். தன் மகனுடைய காகிதத்தைத் தானே மெதுவாக நடந்து கொண்டுபோயிருக்கிறார். அது அவசர நாடா இல்லையே.

அலுவலகத்தில் அன்று முழுக்கச் சிரிப்பு. "பெல் அண்ணே, உங்க பையனுக்கு நிதி இல்லைன்னு எழுதிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் கணக்கர். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் படிக்கட்டுத் திருப்பத்தில் தனியாக நின்று கடிதத்தை விரித்தபோது சிரிப்பு போய்விட்டது.

'மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருக்கிறான். கணக்கிலும் அறிவியலிலும் வகுப்பில் முதல் வரிசையில் நிற்கிறான். அவனை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவில் சேர்க்குமாறு பரிந்துரைக்கிறேன். படிப்பு வராதவர்களை அனுப்பும் இடம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மதிப்பெண் வரிசைப்படியே அங்கு இடம் தருகிறார்கள், இந்தப் பிரிவுக்குத்தான் போட்டி அதிகம்.

பயிற்சி இரண்டு ஆண்டுகள். பெரும்பகுதி நேரம் பட்டறையில் செய்முறை. மீதி நேரம் தொழிற்கோட்பாடு, கணக்கு, வரைபடம். இறுதித் தேர்வில் தேறினால் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அதன்பின் ஒரு தொழிற்சாலையிலோ மின்வாரியத்திலோ உதவித்தொகையுடன் தொழில்பழகுநராகச் சேரலாம். அந்த அனுபவத்தோடு வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். உரிய உரிமம் பெற்றுத் தனியாகத் தொழில் செய்யவும் வழி உண்டு. மேலே படிக்க விரும்பினால் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரவும் இடமுண்டு. எனவே இது கதவை மூடும் படிப்பு அல்ல. வேலை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். கையில் தொழில் இருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம் வேண்டும். கடைசி நாளைக் கீழே குறித்திருக்கிறேன்.'

குறித்திருந்த நாளைப் பார்த்தார். நாளை மறுநாள்.

அன்று வீட்டில் அவர் மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துத் துணிகளைத் தைத்துக் கொடுப்பவள். கடிதத்தைப் படித்துவிட்டு இயந்திரத்தின் மேலேயே வைத்தாள்.

"ஏங்க, நல்லாத்தானே எழுதியிருக்கார்."

"நல்லா எழுதுவாரு. அவர் பையனை அனுப்புவாராமா? என் பையன் ஏணி தூக்கிட்டு வீடு வீடாப் போகணும்?"

"நீங்க ஃபைல் தூக்கிட்டு மேசை மேசையாப் போகலையா? அவன் கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்ன?"

"பதினஞ்சு வயசுல அவனுக்கு என்ன தெரியும்?"

பையன் உள்ளறையில் புத்தகத்தைப் பிடித்தபடி இருந்தான். பக்கம் புரளும் சத்தமே கேட்கவில்லை.

மறுநாள் அவர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. பழக்கம்.

"சார், என் பையன் ஏதாவது தப்புப் பண்ணிட்டானா?"

"தப்பா? உக்காருங்க முதல்ல."

"நல்ல மார்க்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு சார் பட்டறைக்கு அனுப்பச் சொல்றீங்க? மத்தப் பசங்க வீட்டுக்கெல்லாம் இப்படிக் கடுதாசி போட்டீங்களா?"

தலைமையாசிரியர் மேசையில் தாள்கள் மேல் இருந்த எடைக்கல்லை நகர்த்தி வைத்தார்.

"அவன் சொல்ல வேண்டாம்னுதான் கேட்டுக்கிட்டான். ஆனா நீங்க இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. நானா எழுதல. உங்க பையன்தான் வந்து எழுதச் சொன்னான்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன பயம் அவனுக்கு?"

"பயம் இல்ல. நீங்க ஆசையாச் சொல்லிட்டே இருக்கறதைக் குறுக்க வெட்ட மனசு வரலைன்னான். சும்மா அவன் சொன்னதுக்காக நானும் எழுதல. மூணு வருஷமா அறிவியல் கூடத்துல பாக்கறேன். மத்தவங்க பரிசோதனையை முடிச்சுட்டு ஓடுவாங்க. இவன், ஒரு கருவி ஏன் வேலை செய்யலைங்கறதைக் கண்டுபிடிக்கற வரைக்கும் நகர மாட்டான். அது சொல்லிக் குடுத்து வராது."

அவர் மெதுவாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அது சரி சார். அதை வீட்டுக்கு அனுப்பாம ஆபீசுக்கு ஏன் அனுப்புனீங்க? ஆபீசே சிரிக்குது."

தலைமையாசிரியருக்கும் சிரிப்பு வந்தது. "அதுவும் அவன் யோசனைதான். வீட்டுக்கு வந்தா மடிச்சு அலமாரியில வெச்சிருவாராம். ஆபீஸ் வழியா வந்த காகிதத்துக்குப் பதில் சொல்லாம எங்கப்பாவுக்குத் தூக்கம் வராதுன்னான்."

தன்னை இத்தனை வருடமாக ஒருவன் உட்கார்ந்து படித்திருக்கிறான் என்பது பெல்லுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபப்படலாமா என்று பார்த்தார். கோபம் வரவில்லை. தன் மகன் தன்னை ஏமாற்றவில்லை, முறைப்படி விண்ணப்பித்திருக்கிறான்.

"சான்றிதழ் எல்லாம் தயாரா இருக்கா சார்?" என்று கேட்டார்.

கடைசி நாள் காலையில் தொழிற்பயிற்சி நிலையத்தின் வரிசையில் அப்பாவும் மகனும் நின்றார்கள். வரிசை நீளம். பையன் பக்கத்திலிருந்த பட்டறையின் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே நீல நிறச் சட்டை போட்ட பையன்கள் மரப்பலகைகளில் கம்பி இழுத்துப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். பயிற்றுநர் ஒருவர் ஒவ்வொரு இணைப்பாக இழுத்துப் பார்த்தார். ஒன்று கழன்று கையோடு வந்தது. "இது வீட்டை எரிச்சிரும்டா, மறுபடி போடு" என்றார் குரலை உயர்த்தாமல்.

விண்ணப்பத்தில் பிரிவுகளை விருப்ப வரிசைப்படி எழுத வேண்டும். பெல் பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"டேய், இங்க பாரு. கட்டட வரைவாளர்னு ஒண்ணு இருக்கு. உக்காந்து பாக்கற வேலை போல."

"இருக்குப்பா."

"அதை முதல்ல போட்டா என்ன?"

பையன் பேனாவை மூடினான், திறந்தான். "ரெண்டாவதாப் போடறேன்ப்பா."

அவ்வளவுதான் சொன்னான். குரல் உயரவில்லை, தலையும் குனியவில்லை. தன் வீட்டில் இப்படி ஒரு குரல் இருந்ததை அவர் கேட்டதில்லை. அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினார். சம்பளப் பட்டியலில் கிறுக்குவது போல இல்லாமல் எழுத்து எழுத்தாக எழுதினார்.

"முதல்ல எலக்ட்ரீசியன். எழுது."

கவுண்டரில் இருந்தவர் படிவத்தை வாங்கி மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். "கணக்கு நல்லா இருக்கு தம்பி. தரவரிசை வர்ற வாரம் பலகையில ஒட்டுவோம். வந்து பாருங்க."

"கிடைக்குமாங்க?" என்றார் பெல்.

"நான் சொல்லக் கூடாது" என்ற அவர், மதிப்பெண் பட்டியலை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "ஆனா பட்டறைக்குள்ள செருப்போட விட மாட்டாங்க. தோல் ஷூ வேணும், கெட்டியா இருக்கணும்" என்றார்.

வெளியே வந்ததும் பெல் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நடந்தார். பையனுக்குப் புரியவில்லை.

"எங்கப்பா போறோம்?"

"கடைத்தெருவுக்கு. உன் கால் அளவு என்ன?"

"லிஸ்ட் வரட்டும்ப்பா."

"லிஸ்ட் வரும். ஒரு அளவு பெருசாவே வாங்குவோம், ரெண்டு வருசம் போடணும்ல" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார்.