திருவிருந்துச் சாறும் அக்கானிச் சுண்ணாம்பும்

திருவிருந்துக்குத் திராட்சைச்சாறு பிழிந்து கொடுப்பது எங்கள் சபையில் என் வேலை. சாராயம் தொடமாட்டோம் என்று சபையே சத்தியம் பண்ணியிருந்ததால், புளிக்காத சாறுதான் வேண்டும். ஒரு மாதம் புதன்கிழமையே பிழிந்து குப்பியில் அடைத்துவிட்டேன். ஞாயிறு காலையில் போதகர் கை வைத்ததும் தக்கை டப்பென்று மோட்டில் போய் முட்டியது. நுரை பொங்கிற்று. கோவிலுக்குள் கள்ளுக்கடை வாடை.

"விஷமாகியிருக்குமோ?" என்றார் போதகர்.

மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் முகர்ந்து பார்த்தார். "புளிச்சதெல்லாம் விஷம் இல்ல. பழத்தோலுல உள்ள ஈஸ்ட்டு இனிப்பத் தின்னு சாராயமும் காத்தும் ஆக்கியிருக்கு. ஆனா கூட வேற என்ன வளந்திருக்குன்னு மணத்த வச்சுச் சொல்ல முடியாது. பிள்ளையளுக்குக் குடுக்காண்டாம், கொட்டிருங்க. அடுத்த தடவ கொதிக்க வச்சு, சூட்டோட அடைங்க அக்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பனையேறி மகளுக்கு இவர் பாடம் சொல்வதா? அக்கானி, அதுதான் பதநீர், கள்ளாகாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிற வீட்டில் பிறந்தவள் நான். அடுத்த மாதம் கொதிக்க வைக்கவில்லை. ஜாடிக்குள் தாராளமாகச் சுண்ணாம்பு தடவிச் சாற்றை ஊற்றினேன்.

நுரையும் இல்லை, வாடையும் இல்லை. "இது என் இரத்தம்" என்று கிண்ணத்தைத் தூக்கிய போதகர், உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கறுத்த திராட்சைச்சாறு சுண்ணாம்பு பட்டுப் பாசிக்குளம் மாதிரி பச்சையாகக் கிடந்தது.

இந்தத் தடவை விஷமோ என்று யாரும் கம்பவுண்டரிடம் கேட்கவில்லை. பார்த்ததுமே முடிவு செய்துவிட்டார்கள்.